பாய்லருக்கு ஈடிபி தண்ணீர், ஈடிபிக்கு பாய்லர் ஸ்டீம்: 6.5 லட்சம் எங்கிருந்து முளைத்தது?

சாயப்பட்டறை கணக்கு | 3 ஜூலை 2023, இரவு 10.12

திருப்பூர்ப் பக்கம் ஒரு டையிங் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். உற்பத்தி என்று இரண்டு: துணி டையிங், நூல் டையிங். இரண்டுக்கும் வேலை செய்து கொடுப்பவை இரண்டு: பாய்லர், கழிவுநீரைச் சுத்தம் செய்து திருப்பித் தரும் தண்ணீர் பிளாண்ட். எங்கள் ஆட்கள் இதை ஈடிபி என்பார்கள். ஆர்ஓவும், ஆர்ஓ கழிவை ஸ்டீமில் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டரும் அதற்குள்தான்.

ஜூன் மாதம் பாய்லரின் சொந்தச் செலவு 23.5 லட்சம். ஈடிபியின் சொந்தச் செலவு 10 லட்சம். பாய்லர் ஸ்டீமில் 20% ஈடிபியின் எவாப்பரேட்டருக்குப் போகிறது, 50% துணிக்கு, 30% நூலுக்கு. ஈடிபி தண்ணீரில் 10% பாய்லருக்கு, 60% துணிக்கு, 30% நூலுக்கு.

ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்வதால் சமன்பாடு போட்டேன். பாய்லரின் மொத்தம் 25 லட்சம், ஈடிபியின் மொத்தம் 15 லட்சம் என்று வந்தது. கூட்டினால் 40 லட்சம். ஆனால் பாக்கெட்டிலிருந்து போனது 33.5 லட்சம்தான். 40 லட்சத்தையும் துணிக்கும் நூலுக்கும் ஏற்றிவிட்டேன். கிலோவுக்குச் சாயச் செலவு ஏன் திடீரென ஏறியது என்று முதலாளி கேட்கிறார். சமன்பாடு தப்பா, நான் தப்பா?

ஆடிட் ஆபீஸ் பையன் | 3 ஜூலை, இரவு 10.41

சமன்பாடே வேண்டாம் சார். பெரிய துறையை முதலில் பிரித்துவிடுங்கள். பாய்லர் 23.5ஐ ஈடிபி, துணி, நூல் மூன்றுக்கும் போடுங்கள். ஈடிபி இப்போது 14.7 ஆகும். அதைத் துணிக்கும் நூலுக்கும் 60:30 விகிதத்தில் போட்டுவிட்டு மூடிவிடுங்கள், பாய்லர் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். துணி 21.55, நூல் 11.95, மொத்தம் 33.5. ஒரு பைசா கூடாது, குறையாது. 40 வருகிறது என்றாலே சமன்பாட்டில் எங்கோ கோளாறு.

பழைய லெட்ஜர் | 4 ஜூலை, காலை 6.20

கோளாறு சமன்பாட்டில் இல்லை. 25, 15 இரண்டும் சரியான விடை. அதை வைத்துச் செய்த காரியம்தான் தப்பு.

மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் வீட்டு விசேஷத்துக்குத் தம்பி 1,500 வைக்கிறான், தம்பி வீட்டு விசேஷத்துக்கு அண்ணன் 5,000 வைக்கிறான். இரண்டு நோட்டையும் கூட்டினால் 6,500. குடும்பத்துக்குள் புதிதாக ஒரு ரூபாய்கூட வரவில்லை, அதே பணம் இரண்டு நோட்டிலும் ஏறியிருக்கிறது. உங்கள் 6.5 லட்சமும் அப்படித்தான். பாய்லரின் 25 லட்சத்தில் 20%, அதாவது 5 லட்சம், ஈடிபி நோட்டில் இருக்கிறது. ஈடிபியின் 15 லட்சத்தில் 10%, அதாவது 1.5 லட்சம், பாய்லர் நோட்டில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 6.5.

ஆகவே 25ஐயும் 15ஐயும் அந்தந்தச் சதவீதத்தில்தான் பிரிக்க வேண்டும். துணிக்குப் பாய்லரிலிருந்து 12.5, ஈடிபியிலிருந்து 9, ஆக 21.5. நூலுக்கு 7.5, 4.5, ஆக 12. மொத்தம் 33.5. இங்கே சரிபார்க்க வேண்டியது இந்த ஒரு கூட்டலைத்தான். 25 + 15 எவ்வளவு என்று யாரும் கேட்கக்கூடாது.

நீங்கள் 50:30ஐ 100க்கு மாற்றி 62.5:37.5 என்று பிரித்தீர்களா?

சாயப்பட்டறை கணக்கு | 4 ஜூலை, காலை 9.05

ஆமாம். ஷீட்டில் 'உற்பத்தி மட்டும்' என்று ஒரு நெடுவரிசை இருந்தது, அதில் 62.5, 37.5 என்று பழைய ஆள் போட்டுவைத்திருந்தார். பாய்லரும் ஈடிபியும் ஒன்றுக்கொன்று கொடுப்பதைக் கணக்கில் எடுக்காத நேரடி முறைக்குப் போட்டது அது. நான் சமன்பாட்டு விடையைக் கொண்டுபோய் அதே நெடுவரிசையில் பெருக்கியிருக்கிறேன். பழைய சட்டைக்குப் புதுப் பொத்தான்.

இப்போது 33.5 சரியாக வருகிறது. முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பது வேறு கதை.

இன்டர் எழுதுபவள் | 4 ஜூலை, மாலை 5.30

சிஎம்ஏ இன்டர் டிசம்பரில் எழுதுகிறேன். எங்களுக்குச் சமன்பாடு, திரும்பத் திரும்பப் பிரிப்பது, தோராயமாகப் போட்டுப் பார்ப்பது என்று மூன்று முறைகள் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் எண்களில் இரண்டாவது முறையைப் போட்டுப் பார்த்தேன்.

முதல் சுற்றில் பாய்லரின் 23.5ஐப் பிரித்தால் ஈடிபி 14.7 ஆகிறது. அதில் 10%, 1.47, பாய்லருக்குத் திரும்புகிறது. அந்த 1.47இல் 20%, அதாவது 0.294, மறுபடி ஈடிபிக்கு. அதிலிருந்து 0.0294 பாய்லருக்கு. அடுத்தது 600 ரூபாய் கூட இல்லை, நிறுத்திவிட்டேன். பாய்லர் பக்கம் கூட்டினால் 24.9994 லட்சம். பேனாவால் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் எதற்குச் சமன்பாடு?

பழைய லெட்ஜர் | 4 ஜூலை, இரவு 8.15

இரண்டும் ஒரே ஊருக்குப் போகும் இரண்டு பாதை, பாப்பா. 20%ஐயும் 10%ஐயும் பெருக்கினால் 2%. ஒவ்வொரு முழுச் சுற்றிலும் தொகை முந்தையதில் 2% ஆகச் சுருங்குகிறது. அதனால்தான் உனக்கு இரண்டு சுற்றில் முடிந்தது. இரண்டு துறையும் ஒன்றுக்கொன்று 60% கொடுத்தால் சுற்றுக்கு 36% மிஞ்சும், அப்போது பேனா மை தீர்ந்துவிடும்.

பரீட்சையில் எந்த முறை என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தால் அதைத்தான் போட வேண்டும். சொல்லவில்லை என்றால் சமன்பாடு. திருத்துபவருக்கு ஒரே பார்வையில் தெரியும்.

பா என்பது பாய்லர், நீ என்பது தண்ணீர் பிளாண்ட் என்றால்:

```
பா = 23.5 + 0.10 நீ
நீ = 10 + 0.20 பா
```

இரண்டாவதை முதலாவதில் நுழைத்தால் 0.98 பா = 24.5. பா 25, நீ 15. ('நீ' என்று எழுதும்போதெல்லாம் யாரையோ அதட்டுவதுபோல் இருக்கிறது.)

சாயப்பட்டறை கணக்கு | 4 ஜூலை, இரவு 9.50

எக்செலில் இதை எப்படிப் போடுகிறீர்கள்? நான் பாய்லர் செல்லில் ஈடிபி செல்லையும், ஈடிபி செல்லில் பாய்லர் செல்லையும் கோத்தேன். சுற்றிச் சுற்றி வருகிறது என்று ஒரு எச்சரிக்கை காட்டி இரண்டிலும் 0 போட்டுவிட்டது. கடைசியில் கால்குலேட்டரில் போட்டுத்தான் 25, 15 எடுத்தேன்.

பழைய லெட்ஜர் | 5 ஜூலை, காலை 6.10

திரும்பத் திரும்பக் கணக்கிடும் வசதியை எக்செல் அமைப்பில் திறந்துவிட்டால் அதே கோர்வை வேலை செய்யும், அந்தப் பாப்பா பேனாவில் செய்ததை அது நூறு தடவை வரை செய்யும். ஆனால் நான் அதைத் தொடமாட்டேன். ஒருமுறை திறந்துவிட்டால் அந்த எச்சரிக்கையே வராது. அப்புறம் வேறு எங்கோ நிஜமாகவே தவறிப்போய் ஒரு செல் தன்னையே கூட்டிக்கொண்டிருந்தாலும் தெரியாது. ஒரு பழைய இடத்தில் அப்படி ஒரு ஷீட்டில் மூன்று மாதம் மின்சாரம் இரண்டு தடவை ஏறியிருந்தது. ஷீட் போட்டவன் நான்தான்.

B2 பாய்லர் செலவு, B3 ஈடிபி செலவு, B4 பாய்லரிலிருந்து ஈடிபிக்குப் போகும் பங்கு, B5 ஈடிபியிலிருந்து பாய்லருக்கு வரும் பங்கு. முதல் வரி பாய்லர், இரண்டாவது ஈடிபி:

```
=(B2+B5*B3)/(1-B4*B5)
=(B3+B4*B2)/(1-B4*B5)
```

மூன்றாவதாக ஒரு துறை வந்தால் இது போதாது. அப்போது MINVERSE, MMULT பக்கம் போக வேண்டும். இரண்டுக்கு இதுவே போதும்.

ஆடிட் ஆபீஸ் பையன் | 5 ஜூலை, காலை 11.20

சரி, 40 பற்றி நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. உள் பரிமாற்றத்தையே கண்டுகொள்ளாமல் நேரடி முறையில் பிரித்துப் பார்த்தேன். துணிக்கு 21,35,417 ரூபாய், நூலுக்கு 12,14,583. உங்கள் சமன்பாட்டில் துணிக்கு 21,50,000. வித்தியாசம் 14,583 ரூபாய்! 33.5 லட்சத்தில் இது ஒரு சுண்டல் பொட்டலம். செலவுக் கணக்குத் தரநிலையான சிஏஎஸ் 3 இரண்டு வழியையும் ஏற்றுக்கொள்கிறது, பரிமாற்றத்தைக் கணக்கில் எடுத்தும் செய்யலாம், ஒரு திசையிலும் செய்யலாம். அப்படியிருக்க இந்தப் பாடு எதற்கு?

பழைய லெட்ஜர் | 5 ஜூலை, மதியம் 1.45

தம்பி பிடித்தது நல்ல பாயிண்ட். இந்த யூனிட்டில் பெருக்கல் 2%தான், அதனால் நேரடி முறையே போதும் என்று சொல்லிவிடலாம். சாப்பிட்டுவிட்டு வந்து விவரமாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸ் | 5 ஜூலை, மதியம் 2.30

எங்கள் ஆஸ்பத்திரியிலும் இதே பிரச்சினைதான். மெயின் கிளையிலிருந்து சின்னக் கிளைக்கு மருந்து கடனாகப் போகும், அவர்கள் வேறு மருந்து திருப்பித் தருவார்கள். வருடக் கடைசியில் ஒத்துப்போகவே போகாது. இந்தச் சமன்பாட்டைப் போட்டால் சரியாகிவிடுமா?

பழைய லெட்ஜர் | 5 ஜூலை, மாலை 4.10

இல்லைங்க, அது ஸ்டாக் கைமாற்று. ரசீதையும் நோட்டையும் ஒத்துப்பார்க்கிற வேலை, அல்ஜீப்ரா அங்கே உதவாது. ஆனால் உங்கள் சலவைப் பிரிவு கேன்டீன் துணியைத் துவைக்கிறது, கேன்டீன் சலவைக்காரர்களுக்குச் சாப்பாடு போடுகிறது என்றால் அது இந்த இழையில் பேசுகிற விஷயம்.

ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸ் | 5 ஜூலை, மாலை 4.32

அதுவும் நடக்கிறது! கேன்டீன் துணி, சலவையின் மொத்தத்தில் 2% இருக்கும். சலவைக்காரர்கள் சாப்பாடு, கேன்டீனில் 1%கூட வராது. அதற்கா இவ்வளவு?

பழைய லெட்ஜர் | 5 ஜூலை, மாலை 4.40

அதற்கு வேண்டாம். நேரடியாகப் பிரித்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

பழைய லெட்ஜர் | 5 ஜூலை, இரவு 9.30

மதியம் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வெயிலில் நடந்து வந்து அவசரத்தில் எழுதியது.

பெருக்கல் 2% என்பது ஒன்றைத்தான் சொல்லும்: பாய்லரிலிருந்து கிளம்பியது சுற்றி வந்து பாய்லருக்கே எவ்வளவு திரும்புகிறது என்பதை. அதாவது தம்பி முதலில் சொன்ன படிமுறைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள தூரம். படிமுறையில் ஈடிபி 14.7, சமன்பாட்டில் 15. 2% இடைவெளி, சரி. ஆனால் நேரடி முறை அந்த 20% ஸ்டீமையே கணக்கில் எடுப்பதில்லை. அங்கே ஈடிபி வெறும் 10. பத்துக்கும் பதினைந்துக்கும் இடைவெளி பாதிக்குப் பாதி. பெருக்கலைப் பார்த்துவிட்டு நேரடி முறை போதும் என்று சொன்னது என் தப்பு. தனித்தனிச் சதவீதத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இரண்டுமே 2%க்குள், அதனால் அங்கே சொன்னது நிற்கும்.

அப்படியானால் துணிக்கு ஏன் 14,583 மட்டும்? ஸ்டீமைத் துணியும் நூலும் பங்குபோடுவது 62.5:37.5. தண்ணீரைப் பங்குபோடுவது 66.7:33.3. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். பாய்லரிலிருந்து ஈடிபிக்கு நகர்ந்த 5 லட்சம், ஸ்டீம் விகிதத்தை விட்டுத் தண்ணீர் விகிதத்துக்கு மாறியதால் துணிக்கு 20,833 கூடியது. எதிர்ப்பக்கம் நகர்ந்த 1.5 லட்சத்தால் 6,250 குறைந்தது. மிச்சம் 14,583. நூல் டையிங்கை மூடிவிட்டு அந்த இடத்தில் ஸ்டீம் மட்டும் குடிக்கிற, தண்ணீர் அதிகம் தேவைப்படாத ஒரு பிரிவை வைத்துப் பாருங்கள், இந்த எண் பெருத்துவிடும்.

ஆக, துணிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் தம்பி சொன்னதுதான் சரி. தண்ணீர் ஒரு கிலோ லிட்டர் என்ன விலை என்று கேட்டால் அது எடுபடாது. மாதம் எத்தனை கிலோ லிட்டர் ஓடுகிறது?

சாயப்பட்டறை கணக்கு | 5 ஜூலை, இரவு 10.55

10,000. அதில் 1,000 பாய்லருக்கு.

நான் முதலில் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கையே முதலாளி கேட்டது அதற்காகத்தான். பக்கத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இடம் காலியாகிறது. நம் கழிவுநீரைக் குழாயில் வாங்கிக்கொண்டு நல்ல தண்ணீரைத் திருப்பித் தருவார்கள். கிலோ லிட்டருக்கு 140 ரூபாய் என்று பேச்சு. நம் ஈடிபியை நிறுத்திவிடலாமா என்கிறார்.

பழைய ஷீட்படி நம் தண்ணீர், 10 லட்சத்தை 9,000ஆல் வகுத்து, 111 ரூபாய். வெளியே 140. எனவே வேண்டாம் என்று போன மாதம் சொல்லிவிட்டேன். இப்போது 15 லட்சத்தை 10,000ஆல் வகுத்தால் 150. அப்படியானால் நிறுத்துவதுதான் லாபமா? வயிற்றைக் கலக்குகிறது.

ஆர்ஓ ஷிப்ட் | 5 ஜூலை, இரவு 11.40

நைட் ஷிப்டில் இருந்து எழுதுகிறேன். வேறு யூனிட்தான், ஆனால் இதே வேலை. உங்கள் கணக்கெல்லாம் எனக்குப் புரியாது, ஒன்று மட்டும் கேட்கிறேன். எவாப்பரேட்டருக்கு 20% ஸ்டீம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த லைனில் மீட்டர் இருக்கிறதா?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் ஹெல்ப்பர். அதுவரை எங்கள் யூனிட்டில் எவாப்பரேட்டரே கிடையாது, ஆர்ஓ கழிவு எங்கே போனது என்று நொய்யலைக் கேட்டால் சொல்லும். சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்றான பிறகுதான் ஸ்டீம் இந்தப் பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து பார்க்கிறேன், எவாப்பரேட்டர் ஒரு நாள் போல் மறுநாள் குடிக்காது. கறுப்பு, நேவி மாதிரி டார்க் கலர் அதிகம் ஓடினால் உப்பு ஏறும், ஆர்ஓ கழிவு கூடும், ஸ்டீம் இழுக்கும். டியூபில் உப்புப் படிந்தாலும் இழுக்கும்.

சாயப்பட்டறை கணக்கு | 6 ஜூலை, காலை 8.45

மீட்டர் இல்லை. மெஷின் கொடுத்தவர் மணிக்கு இவ்வளவு ஸ்டீம் என்று எழுதிக்கொடுத்ததை ஓடிய மணி நேரத்தால் பெருக்கினேன். பாய்லர் மொத்தம் மாதம் 1,250 டன், அதில் 250 டன் என்று வந்தது.

பழைய லெட்ஜர் | 6 ஜூலை, காலை 10.30

மீட்டருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் 150க்கு என்ன அர்த்தம் என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் அந்த எண்ணை ரொம்பப் பேர் சந்தேகப்படுவார்கள்.

ஈடிபியை நிறுத்தினால் என்ன மிச்சமாகும்? அதன் சொந்தச் செலவு 10 லட்சம். எவாப்பரேட்டருக்குப் போன 20% ஸ்டீமும் தேவையில்லை, எனவே பாய்லர் செலவில் 20%, 4.7 லட்சம். மொத்தம் 14.7 லட்சம். சரி, வெளியே எவ்வளவு தண்ணீர் வாங்க வேண்டும்? 10,000தான் என்று தோன்றும்.

இன்டர் எழுதுபவள் | 6 ஜூலை, காலை 10.52

10,000 வராது சார்! பாய்லர் 20% குறைவாக ஓடினால் அதற்குத் தண்ணீரும் 20% குறைவு. 1,000க்குப் பதில் 800. அப்போது 9,800தான். இதிலும் அதே 0.98!

பழைய லெட்ஜர் | 6 ஜூலை, காலை 11.05

அதேதான். 14.7 லட்சத்தை 9,800ஆல் வகுத்துப் பார்.

இன்டர் எழுதுபவள் | 6 ஜூலை, காலை 11.07

150!!! ஐயோ, இதை ஏன் எங்களுக்கு யாரும் வகுப்பில் சொல்லவில்லை?

பழைய லெட்ஜர் | 6 ஜூலை, மதியம் 12.20

சமன்பாடு கொடுக்கும் 15 லட்சம் நோட்டில் மட்டும் இருக்கிற தொகைதான், அதை அப்படியே யாரும் செலவழிக்கவில்லை. ஆனால் அதை 10,000ஆல் வகுத்து வரும் 150, 'இதற்குக் கீழே கிடைத்தால் வெளியே வாங்கு' என்கிற நிஜமான விலை. நேரடி முறையின் 111க்கு அந்தத் தகுதி கிடையாது. படிமுறையில் 14.7ஐ 9,000ஆல் வகுத்தால் 163 வரும், அதற்கும் கிடையாது.

ஆனால் ஒரு பெரிய 'ஆனால்'. நிறுத்தியதும் 14.7 லட்சம் முழுதும் மறைந்துவிடும் என்று வைத்துக்கொண்டால்தான் இது. பாய்லர் ஆபரேட்டர் சம்பளம் 20% குறையுமா? ஈடிபிக்கு வாங்கிய பேங்க் கடனுக்கு வட்டி நிற்குமா? விறகு, கெமிக்கல், கரண்ட் மாதிரி ஓட்டத்தோடு ஏறி இறங்குவது எவ்வளவு, என்ன ஆனாலும் நிற்காதது எவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள்.

சாயப்பட்டறை கணக்கு | 6 ஜூலை, மாலை 6.15

பாய்லர் 23.5இல் ஓட்டத்தோடு போவது 19, நிலையானது 4.5. ஈடிபி 10இல் ஓட்டத்தோடு போவது 6, நிலையானது 4. அந்த நாலில் ஆள் சம்பளம் 1.5, மீதி 2.5 வட்டியும் தேய்மானமும்.

பழைய லெட்ஜர் | 6 ஜூலை, இரவு 8.40

19ஐயும் 6ஐயும் மட்டும் அதே சமன்பாட்டில் போடுங்கள். பாய்லர் 20, ஈடிபி 10 என்று வரும். கிலோ லிட்டருக்கு 100 ரூபாய்.

140 கொடுத்து 9,800 வாங்கினால் 13.72 லட்சம் போகும். மிச்சமாவது 9.8 லட்சம், ஆட்களை அனுப்பினால் இன்னொரு 1.5, ஆக 11.3. மாதம் 2.42 லட்சம் நஷ்டம். போன மாதம் நீங்கள் சொன்ன 'வேண்டாம்' என்ற பதில் சரி, சொன்ன காரணம் தப்பு.

ஆடிட் ஆபீஸ் பையன் | 6 ஜூலை, இரவு 9.25

அப்போ ஒரு மாதத்துக்கு இரண்டு சமன்பாடு? ஸ்டேட்மென்ட்டுக்கு 25, 15. முதலாளிக்கு 20, 10. முதலாளி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்மைத்தான் சந்தேகப்படுவார் சார்.

பழைய லெட்ஜர் | 6 ஜூலை, இரவு 9.40

சந்தேகப்படட்டும். ஒரே ஷீட்டில் மேலே கீழே வைத்து, இடையில் 'நிலையான செலவு' என்று ஒரு வரி போட்டுக் காட்டுங்கள். ஒளித்துவைத்தால்தான் தொல்லை.

இப்போது மீட்டர். 20% என்பது 30% ஆக இருந்தால்? ஓட்டச் செலவில் மிச்சமாவது 6ம், 19இல் 30% ஆன 5.7ம், ஆக 11.7. ஆள் சம்பளம் சேர்த்தால் 13.2. வாங்க வேண்டியது 9,700, அதற்கு 13.58. நஷ்டம் 2.42 லட்சத்திலிருந்து 38,000க்கு இறங்கிவிட்டது. 32%ஐத் தொட்டால் கணக்கு அந்தப் பக்கம் சாய்கிறது. மணிக்கு இவ்வளவு என்று தாளில் எழுதியிருந்ததை நம்பி இதை முடிவு செய்ய நான் தயாரில்லை.

ஆர்ஓ ஷிப்ட் | 7 ஜூலை, காலை 5.50

டியூப் கழுவி எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். எங்களிடம் கழுவுவதற்கு முன்னாலும் பின்னாலும் விறகுக் கணக்கே வேறு.

இன்னொன்று. பொது நிலையத்தில் 140 என்பது அவர்கள் தருகிற தண்ணீருக்கா, நாம் அனுப்புகிற கழிவுநீருக்கா? எங்கள் பக்கம் கழிவுநீர் அளவுக்குத்தான் பில். பாய்லருக்குப் போன தண்ணீர் கழிவாகத் திரும்பி வராது, ஆவியாகிப் போனது போக மிச்ச ஸ்டீம் குளிர்ந்து கண்டென்சேட்டாகப் பாய்லருக்கே திரும்பும். அப்போது உங்கள் 9,800 எப்படி நிற்கும்?

பழைய லெட்ஜர் | 7 ஜூலை, காலை 7.15

நிற்காது. பில் கழிவுநீருக்கு என்றால் 140ஐ டையிங் கழிவு அளவோடுதான் பெருக்க வேண்டும். பாய்லருக்கான 800க்கும், வழியில் குறைகிற தண்ணீருக்கும் லாரித் தண்ணீர் விலை தனி. அதை மென்மையாக்குகிற செலவும் தனி. நான் முப்பது வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன், இதைக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். சாயப்பட்டறை, அவர்கள் கொடுத்த தாளில் என்ன இருக்கிறது?

சாயப்பட்டறை கணக்கு | 7 ஜூலை, காலை 10.20

தாளே இல்லை. முதலாளி போனில் கேட்டு வந்தது. 140, அவ்வளவுதான். எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

டியூப் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று பிளாண்டில் கேட்டேன். ஒருவர் மார்ச் என்றார், இன்னொருவர் தீபாவளிக்கு முன்னால் என்றார்.

இன்டர் எழுதுபவள் | 7 ஜூலை, மாலை 6.05

பரீட்சைக் கேள்வியில் எல்லாச் சதவீதமும் கொடுத்துவிடுவார்கள் என்பது எவ்வளவு பெரிய சலுகை என்று இப்போதுதான் தெரிகிறது. 😅

சார், ஒரு சந்தேகம். ஆர்ஓவைக் கழுவ ஈடிபி தன் தண்ணீரையே கொஞ்சம் எடுத்துக்கொள்ளுமே, அந்தச் சதவீதத்தை எங்கே போடுவது?

பழைய லெட்ஜர் | 7 ஜூலை, இரவு 8.30

தனக்குத் தானே கொடுத்துக்கொள்வதை விட்டுவிட்டு, வெளியே போனதை மட்டும் 100 என்று வைத்துச் சதவீதம் போடு. துணிக்கும் நூலுக்கும் விடை மாறாது. வேண்டுமானால் அந்தக் கழுவலுக்கு 5% வைத்து ஒருமுறை போட்டுப் பார், மற்ற மூன்றையும் அதே விகிதத்தில் சுருக்க மறந்துவிடாதே.

சாயப்பட்டறை கணக்கு | 19 ஜூலை, இரவு 9.10

பொது நிலையத்திலிருந்து இன்னும் எழுத்தில் எதுவும் வரவில்லை.

எவாப்பரேட்டர் லைனுக்கு ஸ்டீம் மீட்டர் கேட்டேன். விலையைப் பார்த்துவிட்டு முதலாளி, "தண்ணி வெல தெரிஞ்சுக்கறதுக்கு இவ்வளவா?" என்றார். இப்போதைக்கு ஒரு வழி செய்திருக்கிறோம். எவாப்பரேட்டரிலிருந்து திரும்பும் கண்டென்சேட்டை இரண்டு நாள் தனி டேங்கில் விட்டு அளந்தோம். மாதத்துக்கு நீட்டினால் 310 டன் கிட்ட வருகிறது. அதாவது 25%க்குக் கொஞ்சம் குறைவு. அந்த இரண்டு நாளும் வெளிர் கலர்தான் ஓடியது.

ஆர்ஓ ஷிப்ட் | 20 ஜூலை, காலை 6.15

நேவி ஓடும்போது மறுபடி அளந்துவிட்டு எழுதுங்கள்.